முதல் வலை வாங்குகிறவர்களுக்கு: தங்கூசியா, முறுக்கு நூலா?

அப்பாவின் பைபர் படகை நான் கையில் எடுத்தபோது எனக்குக் கடலைப் பற்றிக் கொஞ்சம் தெரியும், வலையைப் பற்றி ஒன்றும் தெரியாது. உவரியில் இருந்து கூத்தங்குழி வரை ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். "முறுக்கு நூல் வாங்கு, அது மக்கவே மக்காது, கிலோ விலையும் கம்மி" என்று கடையில் சொன்னதை நம்பி, அயிலை பிடிக்கப் பத்துத் துண்டு பாலிஎத்திலீன் முறுக்கு வலை வாங்கிக் கட்டினேன். ஒரு மாதம் முழுக்கப் பக்கத்துப் படகுக்காரர் கூடை கூடையாக இறக்கும்போது எனக்குக் குழம்புக்குத்தான் மீன் கிடைத்தது. பெரியப்பா வந்து வலையைத் தூக்கி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏலே, மீனுக்குக் கண்ணு இல்லன்னு நினைச்சியா?" என்று கேட்டார். அப்புறம் ஒற்றை இழை நைலானில் செய்த தங்கூசி வலை வாங்கினேன். அதை மொட்டை மாடியில் காயப்போட்டே நாலு மாதத்தில் கெடுத்தேன். இந்த இரண்டு செலவும் உங்களுக்கு வரக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

இங்கே சொல்வது சிறு படகில் கடலின் மேல்மட்டத்திலும் நடுமட்டத்திலும் விடுகிற செவுள் வலையைப் பற்றி. அதாவது மீன் தலையை நுழைத்து, செவுளில் மாட்டிக்கொள்கிற வலை. கணக்கு எல்லாம் அயிலையை வைத்துத்தான். வேறு மீன் என்றால் அளவு மாறும், முறை மாறாது.

1. முதலில் மீனை அளங்கள், கடைக்கு அப்புறம் போகலாம்

கடைக்காரர் முதலில் கேட்பது "எத்தனை கண்ணி?" என்றுதான். பதில் தெரியாமல் போனால் கடையில் தேங்கிக் கிடப்பது உங்கள் தலையில் வரும். அதனால் நீங்கள் பிடிக்க நினைக்கிற அளவில் ஏழெட்டு அயிலையைக் கரையில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு நூலை எடுத்து, செவுள் மூடி முடிகிற இடத்தில் உடம்பைச் சுற்றி அளங்கள். அப்புறம் உடம்பு அதிகம் தடித்திருக்கும் இடத்தில் சுற்றி அளங்கள். நான் அளந்த ஒரு சாண் நீள அயிலைகளில் முதல் சுற்றளவு 96 மி.மீ. பக்கம், இரண்டாவது 112 மி.மீ. பக்கம் வந்தது.

கண்ணியின் உள்சுற்றளவு இந்த இரண்டுக்கும் நடுவில் விழ வேண்டும். அப்போதுதான் தலை நுழையும், உடம்பு நுழையாது, பின்னால் இழுத்தால் செவுள் மாட்டும். கண்ணியை நன்றாக இழுத்துப் பிடித்து ஒரு முடிச்சில் இருந்து எதிர் முடிச்சு வரை அளந்தால் வருவதுதான் இழுத்த கண்ணி அளவு. உள்சுற்றளவு அதில் இரண்டு பங்கு. 52 மி.மீ. கண்ணி என்றால் சுற்றளவு 104 மி.மீ. என் அயிலைக்கு அது சரியாக உட்கார்ந்தது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சிலர் கண்ணி என்று சொல்வது ஒரு பக்கத்து நூலின் நீளத்தை மட்டும். அவர் 26 என்பார், நீங்கள் 52 கேட்டிருப்பீர்கள், இரண்டும் ஒரே வலை. இன்னொருவர் 52 என்று பக்க நீளத்தைச் சொன்னால் உங்கள் கைக்கு வருவது இரண்டு மடங்கு பெரிய கண்ணி, அயிலை அதற்குள் ஊர்வலம் போகும். அதனால் "இழுத்த கண்ணி, முடிச்சில் இருந்து எதிர் முடிச்சு வரை, 52 மி.மீ." என்று முழுதாகச் சொல்லுங்கள், பில்லிலும் அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

வாங்கும் முன் பத்துக் கண்ணியைச் சேர்த்து இழுத்து அளந்து பத்தால் வகுங்கள். ஒற்றைக் கண்ணியை மட்டும் அளந்தால் ஒரு மில்லி முன்னே பின்னே போவது தெரியாது. நைலான் தண்ணீர் குடிக்கும், ஊறினால் அளவு கொஞ்சம் மாறும். முடிந்தால் ஒரு சிறு துண்டை இரவு முழுக்க ஊற வைத்து மறுநாள் காலையில் அளங்கள். கடல் பார்க்கப் போவது நனைந்த கண்ணியைத்தான்.

2. கையில் இருப்பது எந்த நூல் என்று நீங்களே சோதியுங்கள்

தங்கூசி என்பது ஒற்றை இழை நைலான். வழவழப்பாக, கண்ணாடி போல, கொஞ்சம் விறைப்பாக இருக்கும். முறுக்கு நூல் பல மெல்லிய இழைகளைத் திரித்தது. அதில் பாலிஎத்திலீன் நூலைக் கடையில் எச்.டி.பி.இ. நூல் என்றும் சொல்வார்கள். பார்த்தாலே இரண்டும் தெரிந்துவிடும். ஆனால் முறுக்கு நூலிலேயே நைலான் உண்டு, பாலிஎத்திலீன் உண்டு, பாலிப்ரொப்பிலீனும் உண்டு. அங்கேதான் ஏமாறுவோம்.

ஒரு வாளித் தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் போதும். நூலில் ஒரு சாண் வெட்டி, சோப்பு நீரில் கசக்கி, உள்ளே இருக்கும் காற்றுக் குமிழியை எல்லாம் வெளியேற்றிவிட்டு வாளியில் விடுங்கள். நைலான் மூழ்கும், பாலிஎத்திலீன் மிதக்கும். தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் நைலான் 1.14, பாலிஎத்திலீன் 0.95 பக்கம். குமிழி இருந்தால் நைலானும் மிதப்பது போலக் காட்டும். சோப்பு போடாமல் அவசரப்பட்டவர்கள் தப்பாக முடிவு செய்வது இதனால்தான்.

பாலிப்ரொப்பிலீனும் மிதக்கும். ஆனால் பாலிஎத்திலீன் 130 டிகிரிக்குப் பக்கத்திலேயே உருகிவிடும், நெருப்பில் காட்டினால் அணைந்த மெழுகுவர்த்தி வாசம் வரும். நைலானுக்கு 220 டிகிரிக்குப் பக்கம் போக வேண்டும், உருகி ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். நெருப்புச் சோதனையைக் கடைக்குள் செய்யாதீர்கள், வெளியே வந்து செய்யுங்கள்.

3. பலத்தைக் கையால் இழுத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்

எல்லோரும் கடையில் நூலை இரண்டு கையிலும் சுற்றி இழுத்துப் பார்ப்பார்கள். முறுக்கு நூல் கையை அறுக்கும், அறாது. தங்கூசி டக்கென்று அறும். அதனால் முறுக்குதான் பலம் என்று தோன்றும், நானும் அப்படித்தான் நினைத்தேன். அங்கே நாம் பார்ப்பது இரண்டு வேறு தடிமன்களை என்பது அந்த நேரத்தில் மனசில் படாது.

ஒரு கொக்கித் தராசு வாங்கி வீட்டில் இழுத்துப் பார்த்தேன். 0.23 மி.மீ. தங்கூசி நேராக இழுத்தால் ஏறக்குறைய 2.7 கிலோவில் அறுந்தது. அதிலேயே ஒரு முடிச்சுப் போட்டு, நனைத்து இழுத்தால் 1.6 கிலோ பக்கம் போய்விட்டது. அரை மில்லி முறுக்கு நூல் நேராக 5 கிலோ தாங்கியது, முடிச்சோடு மூன்றரைக்குக் கீழே. முடிச்சில் பலம் குறைவது இரண்டுக்கும் பொது. நனைந்தால் நைலான் ஒரு பத்து சதவீதம் போல இழக்கும், பாலிஎத்திலீன் தண்ணீர் குடிக்காது, அதனால் இழக்காது.

இதை மட்டும் பார்த்தால் முறுக்கு ஜெயித்தது. ஆனால் அந்த நூல் தங்கூசியைவிட இரண்டு மடங்குக்கு மேல் தடிமன், ஒரே நீளத்துக்கு எடை ஏறக்குறைய மூன்று மடங்கு. எடைக்கு எடை பார்த்தால் தங்கூசி தோற்கவில்லை, தடிமனுக்குத் தடிமன் பார்த்தால் அதுதான் மேல். திரித்த நூலில் இழைகளுக்கு நடுவே இடம் காலியாகக் கிடக்கிறது, ஒற்றை இழையில் அந்த வீணாகும் இடம் இல்லை.

இன்னொன்று, இழுபடும் தன்மை. மீன் வந்து மோதும்போது நைலான் கொஞ்சம் நீண்டு கொடுத்து மறுபடி சுருங்கும். அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதால்தான் 1.6 கிலோ தாங்குகிற முடிச்சு அயிலைக்குப் போதுமானதாக இருக்கிறது. பாலிஎத்திலீன் அவ்வளவு நீளாது, மீன் மோதித் திரும்பிவிடும்.

தங்கூசிக்கு உள்ள பெரிய குறை முடிச்சு வழுக்குவது. ஒற்றை முடிச்சுப் போட்ட வலை கொஞ்ச நாளில் ஒரு கண்ணி பெரிதாகவும் பக்கத்துக் கண்ணி சிறிதாகவும் ஆகிவிடும். அதனால் இரட்டை முடிச்சா என்று கேளுங்கள். கேட்டதோடு விடாமல் ஒரு கண்ணியை விரல்களுக்கு நடுவே கோணலாக இழுத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். முடிச்சு நகர்ந்திருந்தால் அந்தக் கட்டை வைத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள்.

4. மீன் கண்ணில் படுவதுதான் உண்மையான வித்தியாசம்

செவுள் வலை வேலை செய்வதே மீன் அதைப் பார்க்காமல் இருப்பதால்தான். வாடைக் காற்று ஓய்ந்து கடல் தெளிந்து கிடக்கிற நாட்களில், பகலில், அரை மில்லி முறுக்கு நூல் தண்ணீருக்குள் வேலி போலத் தெரியும். அயிலை கூட்டமாக வந்து, வலைக்கு முன்னால் திரும்பிப் பக்கவாட்டில் போவதை ஒரு நாள் படகில் இருந்தே பார்த்தேன். வெளிச்சம் ஊடுருவும் மெல்லிய தங்கூசி அதே தண்ணீரில் காணாமல் போகும்.

தெரிவதைத் தவிர நீரோட்டமும் இருக்கிறது. நூல் இரண்டு மடங்கு தடித்தால் நீரோட்டம் அதன்மேல் கொடுக்கிற தள்ளுதலும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. போதாக்குறைக்குப் பாலிஎத்திலீன் தானாகவே மேலே எழப் பார்க்கும். நேராக நிற்க வேண்டிய வலை சாய்ந்து பாய் போலப் படுத்துவிடும். ஈயத்தைக் கூட்டினேன், கொஞ்சம் நிமிர்ந்தது, இழுக்கும்போது இடுப்பு ஒடிந்தது.

எல்லா நாளும் இந்த வித்தியாசம் ஒரே மாதிரி இருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நம்பியாறு கலங்கிக் கடலில் விழும்போது கரையோரத் தண்ணீர் மண் நிறமாகிவிடும், அப்போது எந்த நூலும் மீனுக்குத் தெரியாது. அமாவாசை இருட்டிலும் வித்தியாசம் குறையும். ஆனால் இருட்டில் கடல் நீர் மினுங்குகிற நாட்களில், தடித்த நூலில் தண்ணீர் உரசி வலை முழுக்க ஒளிக்கோடாகத் தெரியும். அன்றைக்கும் மெல்லிய நூலே மேல்.

நிறத்துக்கு ரொம்ப யோசிக்க வேண்டாம், வெள்ளை, இளநீலம், இளம்பச்சை எதுவும் ஓடும். அதைவிட முக்கியம் வலை சுத்தமாக இருப்பது. பாசியும் கோழையும் ஒட்டிய தங்கூசி முறுக்கு நூல் போலத்தான் தெரியும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறையாவது அலசுங்கள்.

5. "மக்காது" என்பதன் பொருள்

மக்காது என்பது உண்மைதான், ஆனால் அது இரண்டுக்கும் உண்மை. நைலானையும் பாலிஎத்திலீனையும் பருத்தி நூலைப் போல நுண்ணுயிர் தின்று அழுக வைக்காது. ஈரமாகக் குவித்து வைத்தாலும் நூல் அழுகாது, நாறும், எலி வரும், நண்டுக்கால் மாட்டியிருந்தால் அந்த இடம் அறும். மக்காது என்று சொல்லி ஒன்றை மட்டும் விற்கிறவர் உங்களுக்குப் பாதியைத்தான் சொல்கிறார்.

வலையைக் கொல்வது வெயில். நம் கடற்கரை வெயிலில் உள்ள புற ஊதாக்கதிர் இழையின் உள்கட்டை வெட்டிக்கொண்டே இருக்கும். இழை மெல்லியதாக இருந்தால் கதிர் உள்வரை போகும், அதனால் தங்கூசி சீக்கிரம் போகும். முறுக்கு நூலில் வெளி இழைகள் உள் இழைகளுக்குக் கொஞ்சம் நிழல் கொடுக்கும். கறுப்பு நூல் என்றால் இன்னும் தாங்கும், அந்தக் கரி நிறமே கதிரை உள்ளே விடாது. நான் மாடியில் விரித்துப் போட்டு, மறுநாள் வரை, சில சமயம் வாரக்கணக்கில் எடுக்காமல் விட்டேன். நாலு மாதம் கழித்துத் தராசில் மாட்டினால் 2.7 கிலோ தாங்கிய இழை ஒரு கிலோவில் அறுந்தது. பார்க்க வலை புதிதாகத்தான் இருந்தது.

அதனால் வாங்கிய அன்றே ஒரு முழம் நூலை வெட்டி, பேப்பரில் சுற்றி, பீரோவுக்குள் வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வலையில் இருந்து ஒரு இழையையும் அந்த நூலில் இருந்து ஒரு இழையையும் தராசில் இழுத்துப் பாருங்கள். பாதிக்கு வந்துவிட்டால் அந்தத் துண்டை மாற்றும் நேரம். தராசு இல்லை என்றால் இழையை நகத்தால் மடித்துப் பாருங்கள். மடிப்பில் வெள்ளைக்கோடு விழுந்து மொடமொட என்று உடைந்தால் முடிந்தது. பாலிஎத்திலீனில் மேலே பொடி உதிரும், மயிர் மயிராகப் பிரியும்.

வலை காய நிழல் போதும். ஓலைக் கொட்டகை, காற்று, நல்ல தண்ணீரில் ஒரு அலசல், அவ்வளவுதான் பராமரிப்பு. படகிலேயே விட்டால் மேலே ஒரு படுதாவாவது போடுங்கள். எனது இரண்டாவது தங்கூசி வலை இப்படியே இரண்டாவது வருடம் ஓடுகிறது.

6. ஒரு துண்டு வலைக்கு முழுக் கணக்கு

நான் இப்போது ஒரு துண்டுக்கு வாங்குவது இழுத்த நீளம் 100 மீட்டர், ஆழம் 100 கண்ணி, கண்ணி 52, இழை 0.23. இதைக் கயிற்றில் கட்டும்போது பாதியாகச் சுருக்கிக் கட்ட வேண்டும், 100 மீட்டர் வலை 50 மீட்டர் கயிற்றில் உட்காரும். அப்போதுதான் கண்ணி சாய்சதுரமாகத் திறந்து தொங்கும். ஆழம் இழுத்தால் 5.2 மீட்டர், கட்டிய பின் நாலரை மீட்டர். கயிறு மிச்சம் பிடிக்க 100 மீட்டர் வலையை 70, 80 மீட்டரில் பரப்பிக் கட்டினால் வலை விறைப்பாகிவிடும், மீன் மாட்டாமல் மோதிப்போகும். கூலிக்குக் கட்ட விடுகிறவர்கள் இதைப் பக்கத்தில் இருந்து பாருங்கள்.

இப்போது எடை. இந்தத் துண்டில் முடிச்சுக்குப் போவதையும் சேர்த்தால் 22, 23 கிலோமீட்டர் இழை இருக்கிறது. 0.23 தங்கூசியில் அது 1.1 கிலோ வரும். அதே வலை அரை மில்லி முறுக்கு நூலில் 3 கிலோ பக்கம். தங்கூசி கிலோ 600 ரூபாய், முறுக்கு கிலோ 300 ரூபாய் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொண்டால், தங்கூசித் துண்டு 660, முறுக்குத் துண்டு 900. பாதி விலை என்று சொன்னது கூடுதல் விலையாகிவிட்டது. கடையில் விலையை இன்றைய நிலவரத்தில் கேட்டு, கிலோவால் பெருக்கி, ஒரு துண்டுக்கு எவ்வளவு என்று மட்டும் ஒப்பிடுங்கள்.

மேல்கயிறு, அடிக்கயிறு, மிதப்பு, ஈயம், கட்டுக்கூலி எல்லாம் சேர்ந்தால் வலையின் விலையைத் தாண்டும். ஆனால் அவை பல வருடம் வரும். தங்கூசி போனதும் வலையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டுப் பழைய கயிற்றில் புதிதைக் கட்டலாம், அதனால் கயிற்றில் கஞ்சம் பிடிக்காதீர்கள்.

7. முறுக்கு நூலுக்கு உரிய இடம்

அதை ஒதுக்கச் சொல்லவில்லை, இடம் மாற்றி வைக்கத்தான் சொல்கிறேன். வலையின் மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் இரண்டு மூன்று வரிசை முறுக்கு நூல் கண்ணி பின்னச் சொல்லுங்கள். வலை முதலில் கிழிவது கயிற்றில் உரசும் அந்த ஓரத்தில்தான். படகு விளிம்பில் இழுபடுவதையும் அது தாங்கும்.

இடிந்தகரைப் பக்கம் போல அடியில் பாறை கிடக்கிற இடத்தில் அடிவலை விடுகிறவர்களுக்கும் கதை வேறு. அங்கே தங்கூசி ஒரே இரவில் கந்தலாகும். வழுக்குகிற இழையைப் படகில் உட்கார்ந்து முடிந்து சரி செய்வதும் கஷ்டம். முறுக்கு நூலை எந்தக் கையும் முடியும். சிங்கி இறால், நண்டு போல ஊர்ந்து வந்து சிக்குகிறவற்றுக்கு நூல் தெரிவதும் பெரிய பிரச்சினை இல்லை. ஆனால் அது மிதக்கிற நூல் என்பதை மறக்காமல் அடிக்கயிற்றில் ஈயத்தைக் கூட்டிப் போடுங்கள்.

8. காகிதங்களும் காலமும்

பில்லில் இழையின் வகை, தடிமன், இழுத்த கண்ணி, ஆழக் கண்ணி எண்ணிக்கை, நீளம், எடை, ஜி.எஸ்.டி. எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். வெறும் "வலை, 11 கிலோ" என்று எழுதிய பில்லை வைத்து எதையும் திருப்பிக் கொடுக்க முடியாது. நான் முதலில் வாங்கியபோது அப்படித்தான் எழுதிக் கொடுத்தார்கள், கண்ணி வித்தியாசம் தெரிந்த பிறகும் பேச வாயில்லாமல் போயிற்று.

மானியத்துக்கு விண்ணப்பிக்க நினைத்தால் வலை வாங்கும் முன்னாலேயே மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். படகுப் பதிவுச் சான்று, மீன்பிடி உரிமம், மீனவர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம் இவற்றின் நகலை ஒரே உறையில் வைத்துக்கொண்டு போங்கள். பதிவு இன்னும் அப்பா பெயரில் இருந்தால் அதை மாற்றிவிட்டுப் போவது நல்லது, எனக்கு அதற்காகவே இரண்டு நடை கூடியது.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பெரிய படகுக்காரர்கள் வலையைப் புதுப்பிப்பது அந்த 61 நாளில்தான், அதனால் தூத்துக்குடி, நாகர்கோவில் கடைகளில் அப்போது கூட்டம் அதிகம், கட்டுகிற ஆளும் கிடைக்க மாட்டார்கள். நீங்கள் கேட்கிற கண்ணி கடையில் இல்லாமல் ஆலையில் சொல்லிச் செய்ய வேண்டும் என்றால் இன்னும் இழுக்கும். மாசி மாதத்திலேயே சொல்லி வாங்கிவிட்டால் பங்குனிக்குள் பத்துத் துண்டையும் நிதானமாகக் கட்டலாம்.

கடைசியாக ஒன்று. தங்கூசி கண்ணுக்குத் தெரியாது என்பது அறுந்து கடலுக்குள் போன பிறகும் அப்படியேதான். அது மக்காமல் கிடந்து மாதக்கணக்கில் மீனைக் கொன்றுகொண்டே இருக்கும், அடுத்தவர் படகு எஞ்சின் காற்றாடியிலும் சுற்றும். ஒவ்வொரு வலையின் இரு முனையிலும் கொடி வைத்த மிதப்பில் படகு எண்ணை எழுதிக் கட்டுங்கள். அறுந்தால் அன்றைக்கே இடத்தைக் குறித்துக்கொண்டு மறுநாள் பாதாளக் கரண்டியோடு போய்த் துழாவிப் பாருங்கள். கிழிந்த துண்டுகளைக் கரையில் புதைக்காமல் சாக்கில் கட்டி வைத்தால், பழைய நைலானை எடைக்கு எடுக்கிறவர்கள் வந்து வாங்கிப் போவார்கள்.